வாடகை அட்வான்ஸுக்கு உச்சவரம்பு: வகுப்பில் என் சட்டத் திருத்த முன்மொழிவு இரண்டு கேள்விகளில் நின்றுவிட்டது

கார்குழலி_சட்டம்

எல்லோருக்கும் வணக்கம். நான் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை முன்மொழிந்து 12 நிமிடம் பேச வேண்டும், பிறகு 10 நிமிடம் வகுப்பு கேள்வி கேட்கும். நான் எடுத்தது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது. அதில் பிரிவு 11, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் அந்த வாக்கியம் தொடங்குவதே "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் ஒழிய" என்ற பொருளில்தான். அதாவது பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பத்து மாதம் வாங்கலாம். சென்னையில் யார் எழுதாமல் இருக்கிறார்கள்?

என் முன்மொழிவு இரண்டு பகுதி. ஒன்று, அந்த விலக்குச் சொற்களை நீக்குவது. இரண்டு, அட்வான்ஸ் தொகையை ஓனர் கையில் கொடுக்காமல் அரசின் பொது நிதியில் கட்டுவது, காலி செய்யும்போது அங்கிருந்து திரும்பப் பெறுவது.

பேச்சு நன்றாகத்தான் போனது. பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா வீடு காலி செய்ததை நேரில் பார்த்ததிலிருந்து தொடங்கினேன். சாவியைக் கொடுக்கும் நாளில் ஓனர் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்து, ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணி ஒரு பேப்பரில் எழுதினார். ஓட்டைக்கு 200 ரூபாய். பதினொரு ஓட்டை. குளியலறைக் குழாயைத் திருகிச் சொட்டுகிறது என்று இன்னொரு 1,500. அப்புறம் பெயிண்ட் காசு ஒரு மாத வாடகை. அந்த அக்கா வாயே திறக்கவில்லை, ஏனென்றால் பணம் ஓனர் கையில் இருந்தது.

கேள்வி நேரத்தில்தான் சிக்கல். முதல் கேள்வி: "இந்த நிதியை யார் நடத்துவது, அதற்கு எவ்வளவு செலவு, அந்தக் காசு எங்கிருந்து வரும்?" நான் அரசு ஒதுக்கும் என்றேன், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது: "ஒரு ஓனர் அஞ்சு மாசம் ரொக்கமா வாங்கிட்டார், ரசீது கொடுக்கல. உன் சட்டம் அவரை என்ன செய்யும்?" பதற்றத்தில் ஆறு மாதச் சிறை என்று சொல்லிவிட்டேன். அது என் தாளில் இல்லவே இல்லை. உடனே இன்னொருத்தி எழுந்து, "ஜெயிலுக்கு அனுப்பின ஓனர் வீட்டிலேயே திரும்பக் குடியிருக்கப் போறியா?" என்றாள். பதில் வரவில்லை.

அடுத்த வாரம் திருத்திய முன்மொழிவோடு மறுபடி பேச வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். செலவு, அமலாக்கம், இந்த இரண்டுக்கும் எப்படிப் பதில் கட்டுவது? தெரிந்தவர்கள் உதவுங்கள்.

வேளச்சேரி_பாலு

எனக்கும் இதே பிரச்சினைதான் தங்கச்சி. காலி செய்து நாலு மாதம் ஆகிறது, 80,000 வர வேண்டும். போன் எடுப்பதில்லை. எங்கே புகார் கொடுப்பது? போலீஸில் சிவில் மேட்டர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ரமேஷ்_நங்கநல்லூர்

கார்குழலி, நீங்கள் அடிப்படையிலேயே ஒன்றைக் கவனிக்கவில்லை. எல்லா வீட்டு ஒப்பந்தமும் 11 மாதம்தான். ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் பதிவு தேவையில்லை, இந்த வாடகைச் சட்டமும் பொருந்தாது. அதனால் பிரிவு 11-ல் என்ன திருத்தினாலும் யாருக்கும் அது போய்ச் சேராது. முதலில் 11 மாத வழக்கத்தை ஒழிக்கச் சொல்லி முன்மொழியுங்கள்.

பழைய_வக்கீல்

ரமேஷ் சொன்னதில் பாதி சரி. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் கட்டாயப் பதிவு, 11 மாத வழக்கம் வந்ததே அதிலிருந்துதான். ஆனால் 2017 சட்டத்துக்குக் கால அளவு பற்றிக் கவலையே கிடையாது. 11 மாதமோ 11 வருடமோ, வாடகைக்கு விட்டால் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் 90 நாளில் பதிய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, இது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களை வாரம் ஒருவராவது நான் பார்க்கிறேன், அதனால் வகுப்பிலும் இந்தக் கேள்வி நிச்சயம் வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளம்மா.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அமலாக்கம் பற்றிப் பேசும் முன் ஒரு வரலாறு தெரிந்திருக்க வேண்டும், அதை உன் பேச்சில் நீ தொடவே இல்லை என்று நினைக்கிறேன். 2017-க்கு முன்பு இருந்தது 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் பிரிவு 7 அட்வான்ஸாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று சொன்னது. ஒரே ஒரு மாதம்! அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்தில்தான் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வழக்கமே வேரூன்றியது. ஆகவே உச்சவரம்பை எழுதிவிட்டால் ஊர் கேட்கும் என்று நீ சொன்னால், கேட்கவில்லை என்பதற்கு ஐம்பது வருடச் சாட்சி இருக்கிறது. "அந்த விலக்குச் சொற்களை நீக்குகிறேன்" என்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

அதே காலத்தில் ஒரு விஷயம் வேலை செய்தது. வாடகைப் பாக்கி என்று சொல்லி ஓனர் காலி செய்யக் கேட்டு வழக்குப் போடுவார். குடித்தனக்காரர், "என் அட்வான்ஸ் அதிகப்படியாக உங்கள் கையில் இருக்கிறது, அதில் கழித்துக்கொண்டால் பாக்கியே இல்லை" என்பார். நீதிமன்றங்கள் அதை ஏற்றன, உச்ச நீதிமன்றம் வரை போய் ஏற்கப்பட்டது. அங்கே யாரும் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை, எந்த அதிகாரியும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கவில்லை. அதிகமாக வாங்கிய பணம் ஓனருக்கே எதிராக நின்றது, அவ்வளவுதான். இதை யோசி.

பாலு சார், உங்களுக்குத் தனியாக: ஒப்பந்தமும் பணம் அனுப்பிய வங்கி விவரமும் இருந்தால் முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பிரிவு 11-ன்படி காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும், அதைக் குறிப்பிட்டே அனுப்பச் சொல்லுங்கள்.

மாடிவீட்டு_சரஸ்வதி

நான் ஓனர் பக்கம். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, சொல்லத்தான் வந்தேன்.

என் கணவர் இறந்த பிறகு மாடியை 14,000-க்கு விட்டிருக்கிறேன், எனக்கு வேறு வருமானம் இல்லை. முன்பு ஒரு குடும்பம் மூன்று மாத அட்வான்ஸ்தான் கொடுத்தது, நானும் பாவம் என்று விட்டேன். ஐந்து மாதம் வாடகை தரவில்லை. போங்கள் என்றால் போகவில்லை. வக்கீலைப் பார்த்தால் வழக்குப் போடலாம் ஆனால் நாள் ஆகும் என்றார். கடைசியில் இபி பில் 6,000-த்தையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். அந்த மூன்று மாதத்தில் என்ன மிஞ்சியது? அதனால்தான் இப்போது எட்டு மாதம் வாங்குகிறேன். நீங்கள் அதை மூன்றாகக் குறைத்தால், குடித்தனக்காரர் வாடகை தராதபோது எனக்கு என்ன வழி என்பதையும் அதே சட்டத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் நான் மாடியைப் பூட்டி வைத்துவிடுவேன், சத்தியமாக.

கணக்கு_முரளி

சரஸ்வதி அம்மா சொன்னதற்குச் சட்டக்காரர்கள் பதில் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது கணக்கு, அதனால் கார்குழலியின் முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

வாடகை 15,000 என்று வைப்போம். பத்து மாத அட்வான்ஸ் 1,50,000. ஓனர் அதை 6 சதவீதத்தில் வங்கியில் போட்டால் வருடம் 9,000, மாதம் 750. அதாவது உண்மையில் வாடகை 15,750. மூன்று மாதமாகக் குறைத்தால் அவருக்கு 45,000-க்கு மாதம் 225 மட்டும்தான். இழப்பு மாதம் 525. ஆகவே "அட்வான்ஸைக் குறைத்தால் வாடகையை ஏற்றிவிடுவார்கள்" என்று யாராவது கேட்டால், நியாயமாக ஏற்ற வேண்டியது 525 ரூபாய்தான் என்று எண்ணோடு சொல்லலாம். குடித்தனக்காரர் பக்கம் பாருங்கள்: அந்த மீதி 1,05,000-ஐ அவர் 18 சதவீதத்தில் கடன் வாங்கிக் கொடுத்திருந்தால் மாதம் 1,575 வட்டி கட்டுகிறார். ஒரே பணம், ஓனருக்கு 525 தருகிறது, குடித்தனக்காரருக்கு 1,575 செலவு வைக்கிறது. இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நீங்கள் எதுவும் பேச வேண்டாம், வகுப்பே பேசும்.

அடுத்து பொது நிதி. 45,000 நிதியில் இருந்தால் 6 சதவீதத்தில் வருடம் 2,700. குடித்தனக்காரருக்கு 3 சதவீதம் கொடுத்தால் 1,350 போகும், மீதி 1,350-ல் நிர்வாகம். முதலில் 10,000 வீடுகள் சேர்கின்றன என்றால் வருடம் 1.35 கோடி. பத்து பேர் வேலை, ஆளுக்கு மாதம் 50,000 செலவு என்றால் 60 லட்சம். மீதியில் மென்பொருள், அலுவலகம், தகராறு விசாரணை. ஓடும். ஆனால் வட்டி 4 சதவீதத்துக்கு விழுந்தால் என்ன ஆகும்? மிஞ்சுவது 1 சதவீதம், வீட்டுக்கு 450, மொத்தம் 45 லட்சம். சம்பளமே வராது. முதல் வருடம் வேறு, வீடுகள் சேரும் முன்பே ஆளும் இயந்திரமும் வேண்டும். ஆகவே "தானே தன் செலவைப் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லாதீர்கள். எத்தனை வீடு, எந்த வட்டி என்ற இரண்டு எண்ணில்தான் அது நிற்கிறது என்று சொல்லுங்கள். நான் எடுத்த எண்கள் என் அனுமானம், அதையும் சொல்லிவிடுங்கள்.

சிட்னி_சரவணன்

நான் இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் கிட்டத்தட்ட கார்குழலி சொல்வதுதான் நடக்கிறது, 1977-இலிருந்து இதற்கென ஒரு வாரியம் இருக்கிறது. நான் மூன்று வீடு மாறிவிட்டேன், நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே பாண்ட் என்பார்கள், நான்கு வார வாடகைக்கு மேல் வாங்க முடியாது. அந்தப் பணம் ஓனரிடமோ ஏஜென்டிடமோ தங்குவதில்லை, அரசிடம் போய்ச் சேர வேண்டும். குடிபோகும்போது வீட்டின் நிலை பற்றி ஒரு பெரிய படிவம் தருவார்கள். சுவர், கதவு, குழாய், அடுப்பு என்று அறை அறையாக எப்படி இருக்கிறது என்று நாம் 7 நாளில் நிரப்பித் திருப்பித் தர வேண்டும். காலி செய்த பிறகு நானே ஆன்லைனில் பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஏஜென்டுக்கு அறிவிப்பு போகும். 14 நாளில் அவர் தீர்ப்பாயத்துக்குப் போகாவிட்டால் பணம் என் கணக்கில் விழும். போய் நிற்க வேண்டியவர் பணத்தைப் பிடித்து வைக்க விரும்புகிறவர், பணத்தைத் திரும்பக் கேட்கிறவர் இல்லை. அந்த ஒரு மாற்றத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். உங்கள் தெரு அக்காவின் பதினொரு ஓட்டைக் கணக்கு இங்கே ஒரு தீர்ப்பாய உறுப்பினர் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும், முதல் படிவத்தில் அந்த ஓட்டை இருந்ததா என்று கேட்பார்கள்.

நிதியின் வட்டி வாரியத்தின் செலவுக்கும், தீர்ப்பாயத்தின் செலவில் ஒரு பகுதிக்கும், குடித்தனக்காரர் ஆலோசனை மையங்களுக்கும் போகிறது. ஆனால் முரளி சொன்னது சரிதான், இது பல லட்சம் வீடுகளின் பணம் சேர்ந்த பிறகு சுலபமாகத் தெரிகிறது.

கார்குழலி_சட்டம்

எல்லோருக்கும் நன்றி, இரண்டு முறை படித்தேன். முரளி அண்ணா கணக்கு என் கையில் இருந்திருந்தால் அன்றைக்கே பாதி தப்பித்திருப்பேன்.

பழைய வக்கீல் ஐயா, 1960 சட்டத்தில் ஒரு மாதம் என்பதே எனக்குத் தெரியாது. அதைப் படித்ததும் என் இரண்டாம் பகுதிதான் முக்கியம், முதல் பகுதி வெறும் எழுத்து என்று தோன்றிவிட்டது. ஆனால் நிதிக்கு ஆரம்பச் செலவு உண்டு என்றால், அது வரும் வரைக்கும் என்ன செய்வது? ஒரு அதிகாரி கூட வேண்டாம், ஆனால் ஓனர் கேட்டே ஆக வேண்டும் என்கிற மாதிரி ஒரு வழி இருக்குமா?

பழைய_வக்கீல்

இருக்கிறது. ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்: ஓனருக்கு அரசிடமிருந்து எது தேவைப்படும்? ஒன்றே ஒன்றுதான். குடித்தனக்காரர் போக மறுக்கும்போது வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு. சரஸ்வதி அம்மா கேட்டதும் அதுதான். அந்த வாசலில்தான் பூட்டைப் போட வேண்டும்.

இங்கிலாந்தில் 2004 வீட்டுவசதிச் சட்டத்தில் இதைச் செய்தார்கள், 2007 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. டெபாசிட்டைக் குறிப்பிட்ட நாளுக்குள் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்காவிட்டால், காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை ஓனர் கொடுக்க முடியாது என்று வைத்தார்கள். கூடவே குடித்தனக்காரர் வழக்குப் போட்டால் டெபாசிட் தொகையைப் போல முதலில் மூன்று மடங்கு, 2012-க்குப் பிறகு ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடு. இதை வாங்கிக்கொள்வது குடித்தனக்காரர், அரசு இல்லை. அதனால் வழக்குப் போட அவருக்கே காரணம் இருக்கிறது. அபராதம் அரசுக்குப் போனால் யார் அலைவார்கள்?

நம் ஊருக்கு இப்படி எழுதலாம். பிரிவு 21-ன் கீழ் வீட்டைத் திரும்பக் கேட்கும் மனுவோடு, பதிந்த ஒப்பந்தமும் அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மிகவில்லை என்ற உறுதிமொழியும் இல்லாவிட்டால் மனு எண்ணிடப்படாது, அதாவது விசாரணைக்கே எடுக்கப்படாது. மிகுதியாக வாங்கியிருந்தால் முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டும், கதவு உடனே திறக்கும். தெரியாமல் வாங்கியவருக்கு இது நிரந்தரத் தண்டனை ஆகாது. அடுத்து, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தொகை எதுவும் முன்கூட்டிச் செலுத்திய வாடகையாகவே கருதப்படும் என்று ஒரு துணைப்பிரிவு. குடித்தனக்காரர் கடைசி மாதங்களில் வாடகை தராமல் கழித்துக்கொள்வார், அது பாக்கி ஆகாது. இதற்கு என்ன செலவு? வாடகை நீதிமன்ற அலுவலகத்தில் ஒரு தாளைச் சரிபார்க்கும் நேரம். வாடகை அதிகாரி துணை ஆட்சியர் அந்தஸ்தில் இருப்பவர், அவருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை. அவரைத் தெருவில் சோதனைக்கு அனுப்பும் எந்தத் திட்டமும் காகிதத்திலேயே நின்றுவிடும்.

சரஸ்வதி அம்மாவுக்குப் பதில்: மூன்று மாதம் மட்டும் வாங்கி ஒப்பந்தத்தையும் பதிந்த ஓனருக்கு, பாக்கி வழக்கு இத்தனை நாளில் முடிய வேண்டும் என்று கால வரம்பையும் கார்குழலி சேர்க்க வேண்டும். அதைச் செய்யாமல் உச்சவரம்பு மட்டும் கேட்பது நியாயமில்லை. கால வரம்பு எழுதினாலும் நீதிமன்றங்கள் கடைப்பிடிக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

மாடிவீட்டு_சரஸ்வதி

கால வரம்பு உண்மையாக நடந்தால் எனக்கு எட்டு மாதம் வேண்டாம். நடக்குமா என்பதுதான்.

தூத்துக்குடி_ஜெபா

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டை நாங்கள் 5 லட்சத்துக்கு லீசுக்கு எடுத்திருக்கிறோம். மாத வாடகை கிடையாது. மூன்று வருடம் கழித்து 5 லட்சம் முழுசாகத் திரும்ப வரும். இந்தத் திருத்தம் வந்தால் எங்கள் 5 லட்சத்தை அரசு எடுத்துக்கொள்ளுமா? எங்கள் ஓனர் நல்லவர், அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்குப் பயன்படுத்திவிட்டார்.

ரமேஷ்_நங்கநல்லூர்

ஜெபா, இது லீஸ் பற்றிய இழை இல்லை, வாடகை அட்வான்ஸ் பற்றியது.

கணக்கு_முரளி

ரமேஷ், இல்லை, ஜெபா தெரியாமலேயே பெரிய ஓட்டையைக் காட்டிவிட்டார். மாத வாடகை பூஜ்யம் என்றால் மூன்று மாத வாடகையும் பூஜ்யம். அப்படியானால் அந்த 5 லட்சமும் சட்டவிரோத அட்வான்ஸா? அல்லது அது அட்வான்ஸே இல்லையா? இரண்டாவது என்று சொன்னால், நாளைக்கு எல்லா ஓனரும் வாடகையை 5,000 என்று எழுதி மீதியை லீஸ் தொகை என்பார்கள். பராமரிப்பு வைப்பு, பெயிண்ட் வைப்பு என்று வேறு பெயரும் வைக்கலாம்.

கார்குழலி_சட்டம்

ஐயோ, இது என் வகுப்பில் யாருக்கும் தோன்றவில்லை. ஜெபா அக்கா, உங்கள் பணத்தை யாரும் எடுக்க மாட்டார்கள், பயப்படாதீர்கள், இது ஒரு மாணவியின் முன்மொழிவுதான். ஆனால் உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுதியாக வேண்டும்.

இப்படி யோசிக்கிறேன்: "எந்தப் பெயரில் வாங்கினாலும், காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய தொகை எல்லாம் அட்வான்ஸ்" என்று விளக்கம் கொடுப்பது. மாத வாடகையே இல்லாத முழு லீசுக்கு மட்டும், ஒப்பந்தம் பதிந்து பணமும் வங்கி வழியாகப் போயிருந்தால் விலக்கு. பாதி வாடகை பாதி லீஸ் என்றால் விலக்கு இல்லை. சரியா ஐயா?

பழைய_வக்கீல்

விளக்கம் சரி. விலக்குதான் பிரச்சினை. வாடகையைப் பூஜ்யமாக எழுதி மாதாமாதம் கையில் ரொக்கமாக வாங்குபவர் வருவார். முழுவதும் அடைக்க முடியாது. அடைக்க முடியாததை அடைத்துவிட்டேன் என்று சொல்லாதே, எவ்வளவு தூரம் அடைபடும் என்று சொல்.

மேடை_தமிழினி

நான் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார் செய்கிறேன். சட்ட விஷயத்தை மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள், பேசும் முறை பற்றி மட்டும்.

நீங்கள் அந்த அக்காவின் கதையில் தொடங்கினீர்கள், அது நல்ல தொடக்கம், ஆனால் எத்தனை நிமிடம் எடுத்தீர்கள்? 12 நிமிடத்தில் நாலு நிமிடம் கதை போனால் திருத்த வாசகம் கடைசியில் வேகமாக ஓடும், கேட்பவர்களுக்கு எதைத் திருத்துகிறீர்கள் என்றே புரியாது. கதை ஒரு நிமிடம். உடனே இப்போது இருக்கும் பிரிவு 11(1)-ஐ வாசியுங்கள், பிறகு உங்கள் வாசகத்தை வாசியுங்கள், இரண்டும் பலகையில் மேலும் கீழுமாக இருக்கட்டும். செலவுக் கணக்கைக் கேள்விக்காகக் காத்திருக்காமல் பேச்சிலேயே வையுங்கள்.

அப்புறம் சிறைத் தண்டனை விஷயம். தாளில் இல்லாததைக் கேள்வி நேரத்தில் புதிதாகச் சேர்த்தால் அடுத்த பத்துக் கேள்வியும் அதைப் பற்றித்தான் வரும். "அதை என் முன்மொழிவு தொடவில்லை, தொடாததற்குக் காரணம் இது" என்பது முழுமையான பதில். ரொக்கக் கேள்வியைக் கேட்ட நண்பரிடமே போய், அவர் மனதில் இருந்த சம்பவம் என்ன என்று கேளுங்கள். அநேகமாக அவருக்கு நடந்ததாக இருக்கும்.

கார்குழலி_சட்டம்

கேட்டேன். தமிழினி மேடம் சொன்னது அப்படியே. அவன் அப்பா திருப்பூரில் ரொக்கமாக 50,000 கொடுத்து, ஓனர் இறந்த பிறகு மகன் அப்படி ஒரு பணமே வாங்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். ரசீதும் இல்லை, சாட்சியாக இருந்த புரோக்கரும் தன்னால் வர முடியாது என்றாராம். அவன் என்னை மடக்கக் கேட்கவில்லை, உண்மையிலேயே பதில் தேடித்தான் கேட்டிருக்கிறான்.

கார்குழலி_சட்டம்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இன்று மறுபடி பேசினேன்.

பொது நிதியை இரண்டாம் கட்டமாகத் தள்ளிவிட்டேன். முதல் கட்டத்தில் நான்கே மாற்றம்: விலக்குச் சொற்களை நீக்குவது, எந்தப் பெயரில் வாங்கினாலும் அட்வான்ஸ் என்ற விளக்கம், மூன்று மாதத்துக்கு மேற்பட்டது முன்கூட்டிய வாடகை என்ற துணைப்பிரிவு, அப்புறம் பிரிவு 21 மனுவுக்கு அந்த உறுதிமொழி. கூடவே சரஸ்வதி அம்மாவுக்காக, விதியைப் பின்பற்றிய ஓனரின் பாக்கி மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்ற வரி. 525, 1,575 இரண்டையும் பலகையில் எழுதினேன். முரளி அண்ணா சொன்னது போலவே பின் வரிசையில் இரண்டு பேர் தங்கள் வீட்டு அட்வான்ஸை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

செலவுக் கேள்வி வந்தது, இந்த முறை சமாளித்தேன். முதல் கட்டத்துக்குப் புதிய அலுவலகம் வேண்டாம், ஒப்பந்தப் பதிவு ஏற்கெனவே tenancy.tn.gov.in தளத்தில் நடக்கிறது, அதில் அட்வான்ஸ் தொகைக்கும் வங்கிப் பரிவர்த்தனை எண்ணுக்கும் இடம் வைத்தால் போதும் என்றேன். நிதிக்கான கணக்கையும் 4 சதவீதத்தில் உடைந்துபோகும் கணக்கையும் சேர்த்தே காட்டினேன். ஒருத்தி, "அப்ப ரெண்டாவது கட்டம் வரவே வராதா?" என்றாள். முதல் கட்டத்தில் எத்தனை ஒப்பந்தம் பதிவாகிறது என்று தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றேன்.

90 நாள் வரியை வைத்துப் பேராசிரியரே கேட்டார்: அந்த நாளுக்குள் முடியாவிட்டால் என்ன விளைவு? என்னிடம் பதில் இல்லை. நீதிமன்றத்துக்கு அபராதம் போட முடியாது. "விளைவு இல்லாத கால வரம்பு என்று ஒப்புக்கொள்கிறேன்" என்றேன். ஐயா சொன்னது மனதில் இருந்ததால்தான் அந்த வாக்கியம் வாயில் வந்தது.

ரொக்கம் கொடுத்துவிட்டு ரசீது இல்லாதவரை இந்தத் திருத்தம் காப்பாற்றாது, இனிமேல் கொடுப்பவருக்கு வங்கி வழியாகக் கொடுக்க ஒரு காரணம் தரும், அவ்வளவுதான் என்று அந்த நண்பனைப் பார்த்தே சொன்னேன். அவன் தலையாட்டினான். அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

கடைசிக் கேள்வி ஒன்று நின்றுவிட்டது. ஏற்கெனவே பத்து மாதம் வாங்கிய ஒப்பந்தங்கள் என்ன ஆகும்? உடனே பொருந்தும் என்றால் ஜெபா அக்கா ஓனர் மாதிரிப் பணத்தைச் செலவழித்தவர்கள் எங்கே போவார்கள்? புதுப்பிக்கும்போதுதான் பொருந்தும் என்றால், 11 மாதத்தில் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நான் சொல்ல, ஒருவன் "எங்க வீட்டு ஒப்பந்தம் ஏழு வருஷமா புதுப்பிக்கவே இல்ல, வாடகை மட்டும் ஏறுது" என்றான்.

பழைய_வக்கீல்

முன் தேதியிட்டுப் பொருத்தினால் ஒப்பந்த உரிமையைப் பறிக்கிறாய் என்று உடனே வழக்கு வரும். வாடகையை ஏற்றும் நாளைப் புதுப்பித்த நாளாகக் கருதுவது ஒரு வழி. அந்த ஏழு வருடக்காரரும் அதில் வந்துவிடுவார். ஆனால் ஏற்றியதற்கு எழுத்து இருக்காது. யோசித்து எழுதுகிறேன்.

வேளச்சேரி_பாலு

வக்கீல் நோட்டீஸ் போனது சார். 80,000-இல் 55,000 நேற்று வந்தது. மீதி பெயிண்ட் காசு என்கிறார். இதற்கு என்ன செய்வது?